தேய்ந்த அரம் இல்லை

"தேஞ்சு போன அரம். பழைய இரும்புக்குப் போடு." தாத்தாவின் பட்டறைச் சாமான் ஒன்றின் படத்தை அனுப்பி இது என்ன என்று கேட்டதற்கு, பெரியப்பா மகன் அண்ணா ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தார். அண்ணா கொழும்பில் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறவர், ஆயுதம் தெரிந்தவர். அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. ஆனாலும் நான் போடும் சாமான் பட்டியலில் அந்தப் படத்துக்கு நேரே "தேய்ந்த அரம்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றைய டயரியில் வேறு எதையும் எழுதப் போவதில்லை, இதைத்தான் எழுதப் போகிறேன்.

தாத்தா தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்தவர். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.) பென்ஷனுக்கு அப்புறம் ஹட்டன் பக்கத்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அதைப் பட்டறை ஆக்கிக்கொண்டார். அவர் போன பிறகு அதற்குள் யாரும் கை வைக்கவில்லை. இந்த மழைக்கு முன் கூரைத் தகரம் மாற்ற வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டதால் சாமான் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். எதை வைப்பது, எதைப் போடுவது என்று முடிவு செய்ய யாருக்காவது பெயர் தெரிய வேண்டுமே. நான் பேராதனையில் படிக்கிறேன். வீட்டுக்கு வரும்போது படம் எடுத்துக்கொண்டு போய், போர்டிங்கில் இருந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் போடுவது என்று ஏற்பாடு. இடையில் வேறு படம் தேவைப்பட்டால் தம்பி எடுத்து அனுப்புவான்.

ஆயுதம் கையில் இல்லாமல், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்வது எவ்வளவு தூரம் முடியும் என்பதுதான் அந்த அரத்தில் வந்து சிக்கியது.

எண் இருந்தும் குழப்பம்

முதலில் சுலபமானது. ஸ்பேனர்கள். பெயரில் சந்தேகம் இல்லை, அளவில்தான் சந்தேகம். ஒன்றின் மேல் 1/2 W என்று அடித்திருந்தது. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படத்தில் அதன் வாய் 23 மில்லிமீட்டரைத் தாண்டித் தெரிந்தது. அடிமட்டம் சாய்ந்துவிட்டதோ என்று தம்பியை மறுபடி அளக்கச் சொன்னேன். அதே கணக்குத்தான்.

W என்றால் விட்வொர்த். இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரை அளவு முறை அது. அந்த ஸ்பேனரில் உள்ள எண் வாயின் அகலம் இல்லை, அந்த நட்டுக்குள் போகும் போல்ட்டின் தடிப்பு. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டின் தலை 0.920 அங்குலம், அதாவது 23.4 மில்லிமீட்டர் அகலம். 23 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் ஏறாது. 24 ஏறும், ஆனால் ஆடும், கொஞ்சம் பலமாக இழுத்தால் நட்டின் மூலையை மழுக்கிவிடும். மலைநாட்டு ஸ்டோர்களுக்கு ஒரு காலத்தில் கெய்ன்ஸ்பரோ மார்ஷல் கம்பெனியின் ரோலர்களும் பெல்பாஸ்டில் செய்த சிரோக்கோ டிரையர்களும் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால பிரித்தானிய மெஷின்களின் போல்ட்டுகளுக்கு இந்த வரிசைதான் வேண்டும். தாத்தாவிடம் ஒரே மாதிரி இரண்டு செட் ஸ்பேனர் இருப்பதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றில்லை, ஒன்று மில்லிமீட்டர், மற்றது விட்வொர்த்.

இங்கே எழுத்து அடித்திருந்தது, அளக்க முடிந்தது, அதனால் படமே போதுமாக இருந்தது. அந்த எழுத்தும்கூட முதல் படத்தில் தெரியவில்லை. போனின் பிளாஷ் நேரே அடித்தால் துருவும் எழுத்தும் ஒரே வெளிச்சத்தில் மூழ்கிவிடும். பிளாஷை அணைத்துவிட்டு, டோர்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். நிழல் விழுந்தால் எழுத்து வாசிக்கலாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்படித் தேய்த்தால் துருவோடு நமக்குத் தேவையான வேறு சிலதும் போய்விடும். அது என்ன என்று கீழே வருகிறது.

மூன்று முனை

அரத்துக்கு வருகிறேன். ஒரு சாண் நீளம் இருக்கும். மரக் கைப்பிடி, அதன் மேல் துணி சுற்றியிருக்கிறது. இரும்புப் பகுதி மூன்று பக்கம் உடையது, நுனி போகப் போகக் கூராகிறது. வாள் தீட்டுகிற முக்கோண அரம் பார்த்தவர்கள் யாரும் அண்ணா சொன்னதைத்தான் சொல்வார்கள். பல் இல்லை, ஆகவே தேய்ந்த அரம்.

போர்டிங்கில் படுத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரம் தேய்ந்தால் எப்படித் தேயும்? எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். பல்லின் மேல் நுனிதான் மழுங்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வரிப்பள்ளம் கடைசிவரை இருக்கும், அதில் தூசு அடைந்துகூட இருக்கும். நடுப் பகுதிதான் அதிகம் உழைக்கும், அடியும் நுனியும் குறைவாகத் தேயும். இந்தப் படத்திலோ பக்கங்கள் முழுக்க வழுவழுப்பு. கைப்பிடிக்குக் கிட்ட மட்டும் விரல் அகலத்துக்குப் பழைய வரிகள் மங்கலாகத் தெரிந்தன, அதற்கு மேல் சட்டென்று நின்றுவிட்டன. வேலையால் தேய்ந்தது அப்படிக் கோடு போட்டது போல நிற்காது. யாரோ சாணைக் கல்லில் பிடித்து வேண்டுமென்றே பல்லை எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, முனைகள். அரம் உழைக்க உழைக்க மூலை உருளும். இதன் மூன்று முனையும் கத்தி போல நேராக ஓடின. தம்பியிடம் நுனிப் பக்கத்தை நேரே பார்த்து ஒரு படம் கேட்டேன். அதுதான் எனக்கு மிகவும் உதவிய படம். மூன்று பக்கமும் தட்டையாக இல்லை, நடுவில் மெல்லக் குழிந்திருந்தன. அப்படிக் குழித்தால் முனை இன்னும் கூர்மையாகும், தீட்டும்போது கல்லில் நடுப்பகுதி படாமல் முனை மட்டும் படும். எதையோ சுரண்டுவதற்காகப் பழைய அரத்திலிருந்து செய்த ஆயுதம் என்பது வரை படமே சொல்லிவிட்டது. எதைச் சுரண்ட? அது அந்த இரும்பில் எழுதியிருக்கவில்லை. மூன்று முனைச் சுரண்டியால் குழாய் வெட்டிய வாயின் பிசிறு எடுக்கலாம், துளையின் விளிம்பைச் சுத்தம் செய்யலாம்.

பக்கவெளிச்சத்தில் எடுத்த படத்தில் குழிவுக்குள் சின்னச் சின்னதாக வெள்ளைச் சாம்பல் நிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. சுற்றிலும் இரும்பு பழுப்பேறியிருக்க, அவை மட்டும் துருப்பிடிக்காமல் கிடந்தன. கம்பி பிரஷ் போட்டிருந்தால் போயிருக்கும் என்று சொன்னது இதைத்தான்.

தட்டில் கிடந்த மற்றவை

இங்கே எனக்கு உதவியது ஆயுதத்தின் படமே இல்லை. எதையும் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் அப்படியே முழுசாக ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். வகுப்பில் அகழாய்வுக்குச் சொல்லித் தந்த பழக்கம். அம்மா அதைப் பார்த்து, "குப்பையை எதுக்கு புள்ள படம் புடிக்கிற?" என்று சிரித்தார். அந்தப் படத்தில் சுரண்டியைச் சுற்றி இவை கிடந்தன: நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அகப்பை, தைலம் அடைத்து வருகிற மாதிரிச் சின்னத் தகர டப்பா, கத்தரித்த மெல்லிய பித்தளைத் தகடுகள், குழாயை நெடுக்காகப் பிளந்தது போன்ற கனமான இரண்டு அரைவட்டத் துண்டுகள், அப்புறம் ஒரு பைன் குச்சி.

தாத்தாவிடம் கையாளாக வேலை பழகியவர் ஒருவர் பதுளைப் பக்கம் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். சுரண்டியின் படத்தைத் தனியாக அனுப்பியபோது, "நெறய வேலைக்கு வரும் புள்ள, எதச் சொல்ல?" என்றார். தட்டின் முழுப் படத்தை அனுப்பியதும் அவரே போன் எடுத்தார். பேச்சு சுரண்டியில் தொடங்கவில்லை, குச்சியில் தொடங்கியது.

"அந்தக் குச்சி நுனி என்ன கலர்ல இருக்கு? கரியா, பழுப்பா?"

படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு முனை மட்டும் கருகாமல், நல்ல கோப்பி நிறத்தில் இருந்தது.

"அப்ப அது வைட் மெட்டல் ஊத்துற குச்சி."

ஸ்டோரில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன், கூரைக்குக் கீழே கட்டடத்தின் நீளத்துக்கு ஒரே ஷாப்ட் ஓடும். எஞ்சினோ தண்ணீர் டர்பைனோ அதைச் சுற்றும், அதிலிருந்து பெல்ட் போட்டு ரோலரையும் மற்றதையும் ஓட்டுவார்கள். அந்த ஷாப்ட் உட்கார்ந்து சுழலும் பேரிங்கின் உட்பக்கத்தில் வைட் மெட்டல் பூசியிருக்கும். நல்ல ரகம் பெரும்பாலும் வெள்ளீயம், அதோடு அன்டிமனியும் செம்பும் கொஞ்சம். மென்மையான உலோகம். எண்ணெய் வற்றினாலும் மண் புகுந்தாலும் விலை கூடிய ஷாப்ட் கீறுப்படாமல் இந்தப் பூச்சு அடிவாங்கிக்கொள்ளும். அந்த அரைவட்டத் துண்டுகள் இரண்டும் ஒரு பேரிங்கின் கீழ்ப் பாதியும் மேல் பாதியும்.

பூச்சு போய்விட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். மாமா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். பழைய உலோகத்தை உருக்கி எடுத்துவிட்டுப் பேரிங் கூட்டை நன்றாகச் சூடாக்குவார்கள். ஈரம் ஒரு பொட்டு இருந்தாலும் ஊற்றியவுடன் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்துக்கு நேரே வீசும். கூடு குளிர்ந்திருந்தால் வேறு பிரச்சினை, உலோகம் ஒட்டாமல் உறைந்துவிடும், பிறகு தட்டினால் ஓட்டைச் சத்தம் வரும். ஷாப்ட் தடிப்புள்ள கம்பியை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்து நடுவில் நிறுத்துவார்கள், கரி இருந்தால் உலோகம் அதில் பிடிக்காது. இரண்டு ஓரத்தையும் களிமண்ணால் அடைப்பார்கள். அப்புறம் உலோகம் சரியான சூட்டுக்கு வந்ததா என்று பார்க்கத்தான் அந்தக் குச்சி. தெர்மாமீட்டர் எல்லாம் இல்லை. காய்ந்த பைன் குச்சியை உருகியதற்குள் விட்டு எடுத்தால், நிறம் மாறாவிட்டால் சூடு போதாது. குப்பென்று தீப்பிடித்தால் சூடு கூடிவிட்டது. பழுப்பேறினால் ஊற்றலாம். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், நடுவில் நிறுத்தினால் இரண்டு அடுக்காகிவிடும்.

அம்மா அந்தக் குச்சியை அடுப்புக்கு எடுத்துப் போகாதது பெரிய விஷயம்.

டப்பாவில் நீலம்

இவ்வளவு கேட்ட பிறகும் சுரண்டி எங்கே வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊற்றி முடித்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமா டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னார். தம்பி திறந்தான். உள்ளே அடர்ந்த நீலம். சட்டைக்குப் போடும் நீலம் என்று நினைத்து விரலை விட்டுப் பார்த்திருக்கிறான். சட்டை நீலமாக இருந்தால் காய்ந்து தூளாகியிருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். இது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே பசையாக இருந்தது, சவர்க்காரம் போட்டும் போகவில்லை. பள்ளிக்கு நீல விரலோடு போய் வந்தான். எண்ணெயில் குழைத்த பிரஷ்யன் நீலம் அது.

ஊற்றிய பேரிங் பார்க்க உருண்டையாக இருந்தாலும் ஷாப்ட் அதில் எல்லா இடத்திலும் உட்காராது. எங்கே உட்காருகிறது என்று கண்ணால் தெரியாது. ஷாப்டின் மேல் நீலத்தை மெல்லிசாகத் தடவிப் பேரிங்கில் வைத்துக் கொஞ்சம் சுற்றித் தூக்கினால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டியால் எடுக்க வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி நீலம், மறுபடி வைத்து, மறுபடி சுரண்டி. முதலில் இரண்டு மூன்று பெரிய திட்டாக வரும் நீலம், வேலை நடக்க நடக்கச் சின்னச் சின்னப் பொட்டாகப் பேரிங் முழுக்கப் பரவும். அப்படிப் பரவினால் சரி. இரண்டு ஓரத்தில் மட்டும் நீலம் வந்து நடுவில் இல்லை என்றால் ஷாப்ட் ஓரங்களில் தொங்குகிறது, அப்படியே மூடி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் சூடேறும். நீலத்தைத் தடிப்பாகத் தடவிவிட்டால் பள்ளத்திலும் ஒட்டி எல்லாம் சரி என்று பொய் சொல்லும். "தாத்தா நீலத்தை வெரல்ல எடுத்து, முக்காவாசிய துணியில தொடச்சுட்டுத்தான் பூசுவாரு" என்றார் மாமா.

ஏன் அரத்தால் ராவக்கூடாது என்று கேட்டேன். மென்மையான உலோகம் அரத்தின் பல்லில் அடைத்துக்கொள்ளும், அடைத்த துணுக்கு பூச்சைக் கீறும். அதோடு அரம் ஒரு பொட்டை மட்டும் எடுக்காது, பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடும். சுரண்டியின் முனை வளைவுக்குள் போய் நகத்தளவு இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய படலத்தை எடுக்கும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, கூடுதலாகச் சுரண்டிவிட்டால் மறுபடி உருக்கி ஊற்றுவதுதான் வழி. பித்தளைத் தகடுகள் இரண்டு பாதிக்கும் இடையில் வைப்பதற்கு. பூச்சு தேயத் தேய ஒரு தகட்டை உருவினால் மேல் பாதி இறங்கி இடைவெளி குறையும்.

இதைக் கேட்ட பிறகு பேரிங் துண்டுகளின் படத்தைத் திரும்பப் பார்த்தேன். பக்கவெளிச்சத்தில் உட்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னப் பிறை வடிவ வெட்டுகள். முதல் தடவை பார்த்தபோது சொரசொரப்பு என்று விட்டுவிட்ட இடம் அது. ஓடித் தேய்ந்த பேரிங்கில் கோடுகள் சுற்றுத் திசையில் போகும், இப்படிப் பிறைகள் மிஞ்சாது. ஆக இந்தப் பேரிங் சுரண்டி முடித்து, ஓடாமலே தட்டில் இருந்துவிட்டது. எண்ணெய் ஓடும் பள்ளம்கூட வெட்டியிருந்தது, ஓரம் வரை விடாமல் கொஞ்சம் உள்ளேயே நிறுத்தி. ஓரம் வரை விட்டால் எண்ணெய் வெளியே வழிந்துவிடும்.

அண்ணாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, இருக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நான் அனுப்பியது வெள்ளைத் துணியில் வைத்து அழகாக எடுத்த தனிப் படம். அதில் தட்டும் இல்லை, குச்சியும் இல்லை. அருங்காட்சியகங்களில் ஆயுதங்களைத் தனித்தனியாகப் பின்னணி இல்லாமல் வைத்திருப்பது பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி வைத்தால் அந்தப் பைன் குச்சிக்கு அங்கே இடமே கிடைக்காது. எனக்கு இது உறுத்துகிறது, பாட ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

பட்டியலை மாற்றியது

பெயர், அளவு, படம் என்று மட்டும் இருந்த பட்டியலில் இப்போது "எதோடு கிடந்தது" என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் "எதை வைத்துச் சொல்கிறோம்" என்று இன்னொன்று. சுரண்டிக்கு நேரே அதில் இருப்பது: சாணை பிடித்த குழிந்த பக்கங்கள், கைப்பிடிக்குக் கிட்ட மிஞ்சிய வரிகள், துருவேறாத சாம்பல் நிறப் பொட்டுகள், அகப்பையும் நீலமும் ஒரே தட்டில், மாமாவின் பேச்சு. இதில் மாமா சொன்னதைத் தனியாகக் குறித்திருக்கிறேன், ஏனென்றால் அது படத்தில் இல்லாதது.

இந்த முறையில் அடுத்து எடுத்தது ஆணியில் தொங்கிய ஒரு இரும்புத் துண்டு. நுனி குழாய் போல உள்ளீடற்று, வாய் கூராக இருக்கிறது. அதே ஆணியில் மெல்லிய தோல் வார்களும், ஒரு பழைய பெல்ட் துண்டும். அப்போ பெல்ட்டில் துளை போடும் பஞ்ச் என்று சொல்ல மாமா தேவைப்படவில்லை. தலையில் சுத்தியல் அடித்து விரிந்த உதடு, வாயில் அடிக்கடி தீட்டிய தடம். பெல்ட்டின் இரண்டு முனையிலும் துளை போட்டுத் தோல் வாரால் தைத்துத்தான் வளையமாக்குவார்கள். தைப்பதில் ஒரு முறை இருக்கிறது: கப்பியைத் தொடும் பக்கத்தில் வார் நேர்நேராகப் போக வேண்டும், குறுக்கே பின்னுவதெல்லாம் வெளிப் பக்கத்தில். உள்ளே குறுக்கே போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மேடு கப்பியில் இடித்து வார் சீக்கிரம் அறுந்துவிடும்.

அந்தப் பெல்ட் துண்டில் தையல் இருக்கிறது. தம்பி அனுப்பிய படத்தில் தெரிவது குறுக்குப் பின்னல் உள்ள பக்கம். அடுத்த பக்கத்தில் வார் நேராகப் போகிறதா, அங்கே தோல் மினுமினுவென்று தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால், அது ஓடிய பெல்ட்டிலிருந்து வெட்டியதா, பழகுகிற பையனுக்குத் தைத்துக் காட்டியதா என்று சொல்லிவிடலாம். திருப்பிப் போட்டு ஒரு படம் எடு, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடி என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் தவணைப் பரீட்சையாம், சனிக்கிழமைதான் எடுப்பானாம்.